192 தம்பிடியும் நாலு பின்னமும்

இந்தப் பதிவு ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு பற்றியது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு உதவும். இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்கு வாங்க, கோச்சுக்க மாட்டேன்.

கணக்கு இதுதான். கீழே இருக்கும் நாலு பின்னங்களையும் ஏறுவரிசையில், அதாவது சின்னதிலிருந்து பெரியதாக, எழுதவேண்டும்.

2/3, 3/5, 5/8, 7/12

படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்க. நாலுமே பாதிக்குக் கொஞ்சம் மேலே, முக்காலுக்குள்ளே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கேள்வித்தாள் எடுத்தவர் யோசித்துத்தான் பொறுக்கியிருக்கிறார்.

என் மகள் எழுதிய விடை: 3/5, 2/3, 7/12, 5/8. நாலு மார்க் கேள்வி. கிடைத்தது பூஜ்யம்.

நாலு மார்க் போனால் என்ன என்று கேட்கலாம். இங்கே கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும். ஜூன் மாசம்தான் கோயமுத்தூரிலிருந்து புனே வந்தோம். பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம்தான். ஆனால் வகுப்பில் டீச்சர் விளக்கம் சொல்வது பாதி இந்தி, பாதி மராத்தி. பின்னத்துக்கு இந்தியில் 'பின்ன்' என்றதும் "அப்பா, நம்ம வார்த்தைதான்!" என்று குஷியாக வந்து சொன்னாள். மறுநாளே மராத்தியில் அது 'அபூர்ணாங்க்' ஆகிவிட்டது. ஏறுவரிசைக்கு 'சட்தா க்ரம்'. சமூக அறிவியலில் விழிக்கிறாள், மராத்தியில் எழுத்துக் கூட்டுகிறாள். மதிய சாப்பாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கூடவே சிரித்து வைக்கிறாளாம். கணக்கு ஒன்றில்தான் பாஷை தேவைப்படவில்லை. அந்த ஒரு பீரியடில்தான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பரிட்சைக்கு அப்புறம் அதையும் நிறுத்திவிட்டாள் என்று தங்கமணி சொன்னார். ஊர் மாறி வந்த குடும்பங்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

"நான் ஒழுங்காத்தாம்ப்பா போட்டேன். பெருக்கினதெல்லாம் சரி. எப்படித் தப்பாச்சுன்னே தெரியல" என்றாள். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். பெருக்கல் ஒன்றுகூடத் தப்பில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு எழுதத் தகுந்ததாகத் தோன்றியது.

*

இரண்டு பின்னங்களில் எது பெரிசு என்று பார்க்க 'குறுக்குப் பெருக்கல்' என்று ஒரு வழி உண்டு. இணையத்தில் இருக்கும் வீடியோக்களில் இதற்குப் பட்டாம்பூச்சி முறை என்று செல்லப்பெயர். 2/3, 3/5 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடது பக்கத்து மேல் எண்ணை வலது பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்க வேண்டும்: 2 × 5 = 10. அதை 2/3-க்கு மேலே எழுத வேண்டும். அடுத்து வலது பக்கத்து மேல் எண்ணை இடது பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்க வேண்டும்: 3 × 3 = 9. அதை 3/5-க்கு மேலே எழுத வேண்டும். 10 பெரிசு, 9 சின்னது. ஆகவே 2/3 பெரிசு. இரண்டு கோடும் குறுக்கே போவதால் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மகள் செய்தது என்னவென்றால், நாலு பின்னத்தை இரண்டு ஜோடியாகப் பிரித்துவிட்டாள். முதல் ஜோடி 2/3, 3/5. கிடைத்தது 10, 9. இரண்டாவது ஜோடி 5/8, 7/12. அதற்கு 5 × 12 = 60, 7 × 8 = 56. நாலு பின்னத்தின் தலையிலும் இப்போது ஒரு எண் இருக்கிறது: 10, 9, 60, 56. இதை ஏறுவரிசையில் வைத்தால் 9, 10, 56, 60. அதன்படி பின்னங்களை எழுதினால் 3/5, 2/3, 7/12, 5/8. இதுதான் அவள் விடை.

விடையை ஜோடி ஜோடியாகப் பார்த்தால் எல்லாம் சரி. 3/5 நிஜமாகவே 2/3-ஐ விடச் சின்னது. 7/12 நிஜமாகவே 5/8-ஐ விடச் சின்னது. ஆனால் வரிசை முழுக்கத் தப்பு. கடைசியில் வர வேண்டிய 2/3 இரண்டாவதாக நிற்கிறது, முதலில் வர வேண்டிய 7/12 மூன்றாவதாக நிற்கிறது.

எங்கே சறுக்கியது? அந்த 10, 9, 60, 56 என்ற நாலு எண்களும் ஒரே ஜாதி இல்லை. 10 என்றால் பத்து 'என்ன' என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பத்து ரூபாயா, பத்து காசா? அதைக் கேட்காமல் 10-ஐயும் 60-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒருத்தரிடம் 10 ரூபாயும் இன்னொருத்தரிடம் 60 காசும் இருக்கும்போது 60 காசுக்காரரைப் பணக்காரர் என்று சொல்வது மாதிரி.

குறுக்குப் பெருக்கலில் ஒரு விஷயம் மறைந்து நிற்கிறது. 2/3-ஐயும் 3/5-ஐயும் ஒப்பிடும்போது உண்மையில் நாம் செய்வது, இரண்டையும் பதினைந்தில் பங்குகளாக மாற்றுவது. 2/3 என்பது 10/15. 3/5 என்பது 9/15. கீழே இரண்டிலும் 15 இருப்பதால் அதை எழுதாமல் விட்டுவிட்டு மேலே இருக்கும் 10-ஐயும் 9-ஐயும் மட்டும் பார்க்கிறோம். வீடியோவில் பட்டாம்பூச்சி பறக்கும்போது அந்த 15-ஐ யாரும் காட்டுவதில்லை. இரண்டாவது ஜோடியில் 8 × 12 = 96. ஆக, அங்கே இருக்கும் 60-ம் 56-ம் தொண்ணூற்றாறில் பங்குகள். பதினைந்தில் பத்துப் பங்கையும் தொண்ணூற்றாறில் அறுபது பங்கையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

இதை மகளிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் உள்ளே போனதாகத் தெரியவில்லை.

*

எங்கப்பா அப்போது புனேயில்தான் இருந்தார். வயது எண்பத்தொன்று. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் கணக்கு எழுதுவது இவர் வேலை. எங்க ஊர்ப்பக்கம் அப்பாவோட அப்பாவை அப்பாரு என்போம், மகளுக்கும் அவர் அப்பாருதான். நாங்கள் பேசியதை சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், "அம்மணி, அதை இங்க கொண்டா. ரூவாயில சொல்லு பார்க்கலாம்" என்றார்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் ஒரு ரூபாய்க்கு நூறு காசு கிடையாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 16 × 12 = 192 தம்பிடி. தம்பிடிக் காசு அப்பா கைக்கு அதிகம் வந்ததில்லையாம், ஆனால் கணக்கு நோட்டில் மட்டும் ரூபாய், அணா, தம்பிடி என்று மூன்று பத்தி போட்டு எழுதியிருக்கிறார்.

"மூணுல ரெண்டு பங்கு ரூவா எவ்வளவு?" என்று அவரே கேட்டு அவரே சொன்னார். "192-ஐ மூணாப் பங்கு போட்டா 64. ரெண்டு பங்கு 128 தம்பிடி. பத்தணா எட்டுத் தம்பிடி. எட்டுல அஞ்சு பங்குன்னா, எட்டாப் பங்கு 24, அஞ்சு பங்கு 120 தம்பிடி. சரியா பத்தணா. பன்னண்டுல ஏழு பங்குன்னா, ஒரு பங்கு 16, ஏழு பங்கு 112. ஒம்பதணா நாலு தம்பிடி. இதுல என்ன அம்மணி சிரமம்? எல்லாம் தம்பிடி ஆயிருச்சல்லோ. 112, 120, 128. வரிசை வந்திருச்சு."

மகளுக்குக் கண் விரிந்தது. மூன்று பின்னங்கள், கீழே மூன்று வெவ்வேறு எண்கள். எல்லாவற்றையும் ஒரே காசாக மாற்றியதும் சாதாரண எண்களாகிவிட்டன. 112, 120, 128-ஐ வரிசைப்படுத்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போதும்.

"அப்போ 3/5 அப்பாரு?"

அங்கேதான் அப்பா நின்றார். 192-ஐ ஐந்தாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 38, மிச்சம் 2 தம்பிடி. "மூணு பங்குன்னா ஒம்பதணா ஏழு தம்பிடி, அப்புறமும் துளி நிக்குது. அஞ்சு பேர் பங்கு போட வந்தா எங்கப்பன் எப்பவும் திட்டுவாரு, தம்பிடி உடையாதுன்னு." 115 தம்பிடியும் கொஞ்சமும் என்பதால் 112-க்கும் 120-க்கும் நடுவே அது உட்காரும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் முழு எண்ணாக வரவில்லை.

"ஏன் உடையல?" என்று மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "192 அஞ்சாம் வாய்ப்பாட்டுல வராது" என்றாள். அவ்வளவுதான் விஷயம். 3, 8, 12 மூன்றும் 192-ஐ மீதியில்லாமல் வகுக்கும். 5 வகுக்காது. அப்படியானால் நமக்கு வேண்டியது வேறொரு ரூபாய். 3, 5, 8, 12 நாலு பேரும் பங்கு போட வந்தாலும் மிச்சம் நிற்காத ரூபாய். அதில் எத்தனை காசு இருக்க வேண்டும்?

*

பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு, எல்.சி.எம். என்று சொல்லிக்கொடுப்பது இந்தக் காசு எண்ணிக்கையைத்தான். ஏணி மாதிரி கோடு போட்டு வகுத்துக்கொண்டே போவது அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. மகளோடு நான் வேறு மாதிரி போனேன். ஒவ்வொருத்தருக்கும் என்ன தேவை என்று பார்த்தோம்.

8-க்குத் தேவை 2 × 2 × 2. 12-க்குத் தேவை 2 × 2 × 3. இதில் இரண்டு 2 ஏற்கெனவே 8-ல் இருக்கிறது, புதிதாக வேண்டியது ஒரு 3 மட்டும். 3-க்குத் தேவை ஒரு 3, அது வந்துவிட்டது. 5-க்குத் தேவை ஒரு 5, அது இன்னும் வரவில்லை, சேர்க்க வேண்டும். ஆக 2 × 2 × 2 × 3 × 5 = 120. ரூபாய்க்கு 120 காசு இருந்தால் நாலு பேருக்கும் முழுசாகப் பிரியும்.

இனி மாற்ற வேண்டியதுதான். 2/3-க்கு 120-ஐ மூன்றால் வகுத்தால் 40, இரண்டு பங்கு 80. 3/5-க்கு ஒரு பங்கு 24, மூன்று பங்கு 72. 5/8-க்கு ஒரு பங்கு 15, ஐந்து பங்கு 75. 7/12-க்கு ஒரு பங்கு 10, ஏழு பங்கு 70.

80, 72, 75, 70. எல்லாம் 120-ல் பங்குகள். ஏறுவரிசை 70, 72, 75, 80. அதை மறுபடி பழைய பெயருக்கு மாற்றினால்:

7/12 < 3/5 < 5/8 < 2/3

மகள் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடித்தது. "எல்.சி.எம். கண்டுபிடிக்கத் தெரியலன்னா கணக்கே போட முடியாதாப்பா?" முடியும். நாலு கீழ் எண்களையும் அப்படியே பெருக்கிவிடலாம்: 3 × 5 × 8 × 12 = 1440. ரூபாய்க்கு 1440 காசு என்று வைத்துக்கொண்டால் நாலும் 960, 864, 900, 840 என்று வரும். வரிசை அதேதான். எல்.சி.எம். எடுப்பது எண்கள் சின்னதாக இருக்கட்டும் என்பதற்காக. தேவை ஒரு பொதுவான கீழ் எண், அது மிகச் சின்னதாக இருந்தால் வசதி, அவ்வளவே. பரிட்சையில் எல்.சி.எம். மறந்துபோய்ப் பிள்ளை முழிக்கும்போது இது கைகொடுக்கும்.

*

அன்று ராத்திரி எனக்கு இன்னொன்று தோன்றியது. நம்ம பழைய தமிழ்ப் பின்னங்களும் இதே வேலையைத்தான் செய்தன. அரை, கால், அரைக்கால் எல்லாருக்கும் தெரியும். அரைக்கால் என்றால் 1/8. வீசம் 1/16. மா 1/20. காணி 1/80. அதற்கும் கீழே முந்திரி, 1/320. முந்திரியைத் தம்பிடி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்பது 320 முந்திரி. ஒரு காணிக்கு 4 முந்திரி, ஒரு மாவுக்கு 16, ஒரு வீசத்துக்கு 20, அரைக்காலுக்கு 40.

இப்போது 3/5-ஐத் தமிழில் சொன்னால் 'அரையே இருமா'. இருமா என்றால் இரண்டு மா, 2/20, அதாவது பத்தில் ஒன்று. அரையோடு பத்தில் ஒன்று சேர்த்தால் 3/5. 5/8-ஐச் சொன்னால் 'அரையே அரைக்கால்'. இரண்டிலும் அரை பொது. மிச்சம் இருமாவா அரைக்காலா என்று பார்த்தால் போதும். இருமாவுக்கு 32 முந்திரி, அரைக்காலுக்கு 40. ஆக 5/8 பெரிசு. பெயரிலேயே பாதி விடை இருக்கிறது.

ஆனால் முந்திரிக்கும் ஒரு எல்லை உண்டு. 192-க்கு ஐந்து ஒத்துவரவில்லை, 320-க்கு மூன்று ஒத்துவராது. 2/3-ம் 7/12-ம் முந்திரியில் முழுசாக வராது. இன்றைய நூறு காசு ரூபாயும் அப்படித்தான். 3/5 ரூபாய் சரியாக 60 காசு. 5/8 ரூபாய் 62 1/2 காசு. 2/3-ம் 7/12-ம் முடியவே முடியாத தசமமாக நீளும். நூற்றை விட 120 நமக்கு வசதியாக இருப்பதற்குக் காரணம், அதற்குள்ளே மூன்று எட்டு, ஒரு மூன்று, ஒரு ஐந்து என்றெல்லாம் எதுவும் மந்திரம் இல்லை. நம்ம நாலு பின்னத்துக்குத் தேவையான 2, 2, 2, 3, 5 மட்டும் அதில் இருக்கிறது, அவ்வளவுதான். வேறு பின்னங்கள் வந்தால் வேறு எண் வேண்டும். 1/7 ஒன்று உள்ளே நுழைந்தால் 120-ம் காலி.

*

அப்படியானால் பட்டாம்பூச்சி முறை வேண்டாமா? வேண்டும். ஒரு சமயத்தில் இரண்டு பின்னம் என்ற கட்டுப்பாட்டோடு. நாலு பின்னங்களைக் குறுக்குப் பெருக்கலாலேயே வரிசைப்படுத்த முடியும். பள்ளியில் உயரவரிசையில் நிற்க வைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையாக வந்து இடம் பிடிப்பது போலச் செய்ய வேண்டும்.

முதலில் 2/3-ம் 3/5-ம் நிற்கிறார்கள். 10-க்கு 9. ஆகவே 3/5 முன்னால், 2/3 பின்னால். அடுத்து 5/8 வருகிறது. 3/5-ஓடு பார்த்தால் 5 × 5 = 25, 3 × 8 = 24. 5/8 பெரிசு, தள்ளிப் போ. 2/3-ஓடு பார்த்தால் 5 × 3 = 15, 2 × 8 = 16. 5/8 சின்னது. ஆக இரண்டுக்கும் நடுவே நிற்கும். கடைசியாக 7/12. நடுவில் இருக்கும் 5/8-ஓடு பார்த்தால் 7 × 8 = 56, 5 × 12 = 60. சின்னது. 3/5-ஓடு பார்த்தால் 7 × 5 = 35, 3 × 12 = 36. அதைவிடவும் சின்னது. ஆகவே முதலிடம். 7/12, 3/5, 5/8, 2/3. அதே விடை.

ஐந்து முறை ஒப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் கிடைத்த இரண்டு எண்களைப் பார்த்து எது பெரிசு என்று மட்டும் குறித்துக்கொண்டு, எண்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். 25-ஐத் தூக்கிக்கொண்டு போய் 16-ஓடு ஒப்பிட்டால் பழைய கதைதான். 25 என்பது நாற்பதில் பங்கு, 16 என்பது இருபத்துநாலில் பங்கு.

இரண்டு பின்னம் மட்டும் என்றால் குறுக்குப் பெருக்கல்தான் வேகம். 11/13, 17/19 மாதிரி முரட்டு எண்கள் வந்தால் எல்.சி.எம். தேடிப் பயனில்லை, எப்படியும் 13 × 19 தான் வரும். மூன்று, நாலு பின்னங்கள் என்றால், அதுவும் 3, 8, 12 மாதிரி ஒன்றுக்கொன்று சொந்தக்கார எண்கள் என்றால், பொதுக் கீழ் எண்ணுக்கு மாற்றுவது நல்லது. ஒரே தடவை மாற்றினால் வேலை முடிந்தது.

விடைத்தாள் திருத்தும்போது நான் பார்க்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கீழே 120 போட்டுவிட்டு மேலே மாற்றாமல் 2/120 என்று எழுதுவது. இதைக் கண்டுபிடிக்கப் பாதியோடு ஒப்பிட்டால் போதும். 2/3 பாதிக்கு மேல், 120-ல் பாதி 60, ஆகவே மேலே வரும் எண் 60-ஐத் தாண்டியிருக்க வேண்டும். 2 எங்கே, 60 எங்கே? இரண்டாவது, குறுக்கே பெருக்கும்போது கீழ் எண்ணிலிருந்து ஆரம்பித்து, பெருக்கியதை அதே பின்னத்தின் தலையில் எழுதிவிடுவது. 3 × 3 = 9-ஐ 2/3-க்கு மேலே எழுதினால் பெரிசும் சின்னதும் அப்படியே இடம் மாறிவிடும். எப்போதும் மேல் எண்ணிலிருந்து கிளம்ப வேண்டும், கிளம்பின இடத்திலேயே விடையை எழுத வேண்டும்.

*

அப்பா ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு மாசம் ஆகிறது. போன வாரம் மகள் வந்து சொன்னாள், பக்கத்து பெஞ்ச் பெண்ணுக்கும் இதே கணக்கு வரவில்லையாம். "ரூபாய்க்கு 120 காசுன்னு வெச்சுக்கோன்னு சொன்னேன். அவ 100 தானேன்னா. இது எங்க அப்பாரு கடை ரூபாய்னு சொன்னேன்." எந்தப் பாஷையில் சொன்னாய் என்று கேட்டேன். "தெரியல, எல்லாம் கலந்துதான்" என்றாள். வகுப்பில் கை தூக்குகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும்.

சரி, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு முடிக்கிறேன். 3/4, 5/7, 7/10, 11/15. இதை ஏறுவரிசையில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு எத்தனை காசு ரூபாய் வேண்டும் என்பதை முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். 4-க்கு இரண்டு 2, 7-க்கு ஒரு 7, 10-க்குப் புதிதாக ஒரு 5, 15-க்குப் புதிதாக ஒரு 3 என்று போனால் 420-ல் வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் 315, 300, 294, 308 வந்துவிட்டால் வேலை முடிந்தது. வரிசைப்படுத்தியதும் 294/420 என்று எழுதி நிறுத்திவிடாமல், கேள்வியில் இருந்த மாதிரி 7/10 என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மார்க் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.